பாட்டில் படத்தில் லேபிளை மட்டும் மாற்றி, பிரதிபலிப்பை அப்படியே வைத்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலுமிச்சைச் சுவைக்காக எடுத்த நல்ல படம் ஒன்று கையில் இருக்கிறது. இப்போது மாதுளைச் சுவை வருகிறது. புது லேபிளின் வடிவமைப்பு தயார், ஆனால் அது இன்னும் அச்சாகவில்லை. பழைய படத்திலேயே லேபிளை மாற்றிக் கொடுக்க வேண்டும். படத் திருத்த வேலையில் அடிக்கடி வரும் கோரிக்கை இது. அடிக்கடி சொதப்பும் வேலையும் இதுதான்.

கீழே எல்லாப் பதில்களிலும் ஒரே பாட்டிலைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி பாட்டில், நேரான உருளை வடிவம், லேபிள் ஒட்டிய இடத்தில் 70 மி.மீ. விட்டம். லேபிள் மஞ்சள் நிறம், பளபளப்பான காகிதம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு நீளமான சாஃப்ட்பாக்ஸ் வைத்து எடுத்த படம். படத்தில் பாட்டிலின் அகலம் 1400 பிக்சல். ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன். லேயர், மாஸ்க், கலப்பு முறை உள்ள எந்த மென்பொருளிலும் இதே வழி செல்லும்.

புது லேபிளைப் பழையதன் மேல் வைத்து Multiply போட்டேன். ஏன் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரியே இருக்கிறது?

லேபிள் மேல் விழும் வெளிச்சம் இரண்டு விதமாக நம் கண்ணுக்கு வருகிறது. ஒன்று, மையின் நிறத்தோடு கலந்து வருவது. பாட்டில் இரு ஓரங்களிலும் வளைந்து போகப்போக லேபிள் இருட்டாகிறதே, அந்த நிழல் இந்த வகை. இது நிறத்தைப் பெருக்குகிறது: வெளிச்சம் பாதியானால் மஞ்சளும் பாதியாகும், சிவப்பும் பாதியாகும். Multiply இதற்குச் சரியான கலப்பு முறை.

இரண்டாவது, பளபளப்பான மேற்பரப்பில் பட்டு, மையைத் தொடாமலே திரும்பி வருவது. சாஃப்ட்பாக்ஸின் வெள்ளை ஒளிப்பட்டை இந்த வகை. அடியில் என்ன நிறம் அச்சிட்டிருந்தாலும் அதே அளவு வெள்ளை வெளிச்சம் மேலே கூடுகிறது. இங்கே பெருக்கலுக்கு வேலையில்லை, கூட்டல்தான். Multiply எதையும் இருட்டாக்கத்தான் முடியும், வெளுக்க வைக்க முடியாது. அதனால் உங்கள் படத்தில் ஒளிப்பட்டை விழ வேண்டிய இடத்தில் சிவப்பு மை அப்படியே அடர்த்தியாக நிற்கிறது. சுற்றிலும் கண்ணாடி மின்னும்போது லேபிள் மட்டும் மின்னாமல் இருந்தால், அது அந்தப் பாட்டிலைச் சேர்ந்தது இல்லை என்று கண் உடனே கண்டுகொள்ளும்.

ஆகவே பழைய லேபிளைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்: நிழல் தனியாக, மினுக்கம் தனியாக. புது லேபிளின் மேல் நிழலை Multiply ஆகவும், அதற்கும் மேல் மினுக்கத்தை Screen ஆகவும் வைக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. மினுக்கம் நிழலுக்குக் கீழே போனால் ஒளிப்பட்டையும் சேர்ந்து அழுக்காகும்.

ஒரே படத்திலிருந்து நிழலையும் மினுக்கத்தையும் எப்படித் தனித்தனியாகப் பிரிப்பது?

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அதையே இரண்டுக்கும் பயன்படுத்துவோர் பலர். அது வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சானல்களையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். விடை அங்கேயே இருக்கிறது.

நம் மஞ்சள் லேபிளில் ஒளிப்பட்டை விழாத இடத்தில் நிறத்தின் அளவு சிவப்பு 240, பச்சை 205, நீலம் 60. ஒளிப்பட்டையின் நடுவில் அதே மஞ்சள் 255, 239, 148 என்று இருக்கிறது. சிவப்பு சானல் ஏற்கெனவே உச்சத்தில் இருந்ததால் மேலே ஏற இடமில்லாமல் 255இல் முட்டி நின்றுவிட்டது. நீலத்தில் 60 என்பது 148 ஆகியிருக்கிறது. மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடுவதால் நீல சானலில் லேபிளே இருட்டாகத்தான் இருக்கும். அந்த இருட்டில் வெள்ளை ஒளிப்பட்டை மட்டும் எடுப்பாகத் தெரியும்.

அதனால் மினுக்கத்தை நீல சானலிலிருந்து எடுக்கிறோம். அந்தச் சானலைப் படியெடுத்துப் புது லேயராக ஒட்டி, Levels திறந்து கறுப்பு முனையை 60க்குக் கொண்டுவாருங்கள். லேபிளின் சொந்த நிறம் முழுக் கறுப்பாகிவிடும், ஒளிப்பட்டைகள் மட்டும் சாம்பலும் வெள்ளையுமாக நிற்கும். லேயரை Screen ஆக்கினால் கறுப்பு மறைந்து பட்டைகள் மட்டும் புது லேபிள் மேல் விழும்.

நிழலை இதற்கு நேர்மாறாக, சிவப்பு சானலிலிருந்து எடுக்க வேண்டும். அங்கே லேபிள் பளிச்சென்று 240இல் இருக்கிறது, ஓரத்துக்குப் போகும்போது 150 வரை இறங்குகிறது. Levels இல் வெள்ளை முனையை 240க்குக் கொண்டுவந்தால் நிழல் விழாத இடமெல்லாம் சுத்த வெள்ளையாகிறது. 240ஐத் தாண்டியிருந்த ஒளிப்பட்டைகளும் அதே வெள்ளையில் கரைந்து காணாமல் போகின்றன. மிஞ்சுவது நிழல் மட்டுமே. இதை Multiply ஆக வைத்தால் போதும்.

மற்ற நிறங்களுக்கும் இதே கணக்குதான். லேபிள் எந்தச் சானலில் மிக இருட்டோ அங்கே மினுக்கம், எதில் மிக வெளிச்சமோ அங்கே நிழல். சிவப்பு லேபிள் என்றால் மினுக்கத்தைப் பச்சையில் தேடுங்கள், நீல லேபிள் என்றால் சிவப்பில். வெள்ளை லேபிளில் மட்டும் இந்த வழி பலிக்காது. மூன்று சானலும் உச்சத்தில் இருப்பதால் மினுக்கம் எதிலும் பிரிந்து நிற்காது.

ஒரு எச்சரிக்கை. JPEG கோப்பில் நிற விவரம் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படுகிறது, அதனால் நீல சானல் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். கேமராவின் RAW கோப்பைக் கேட்டு வாங்கி, 16 பிட்டில் திறந்து வேலை செய்யுங்கள். ஒளிப்பட்டையின் ஓரம் மெல்ல மங்கிப் போகிற இடத்தில் 8 பிட் கோப்பு படிக்கட்டு மாதிரி பிளந்து காட்டும்.

லேபிள் முழுக்க எழுத்தும் படமும்தான். வெறும் மஞ்சள் தெரிகிற இடமே கொஞ்சம். சானல் எடுத்தாலும் பழைய பெயர் தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். கரும்பச்சை எழுத்து நீல சானலில் கிட்டத்தட்ட மறைந்துவிடும், ஆனால் சிவப்பு சானலில் கறுப்பாக நிற்கும். வெள்ளை எழுத்து நீலத்தில் பளிச்சென்று நிற்கும். குளோன் கருவியால் எழுத்து எழுத்தாக அழிக்க உட்கார்ந்தால் பாதி நாள் போகும், ஒளிப்பட்டையும் திட்டுத் திட்டாகிவிடும்.

பாட்டிலின் வடிவத்தையே துணைக்கு அழைக்கலாம். பாட்டில் நேரான உருளை, சாஃப்ட்பாக்ஸ் செங்குத்தாக நிற்கிறது. அப்படியானால் வெளிச்சம் இடமிருந்து வலமாகத்தான் மாறும், மேலிருந்து கீழாக அநேகமாக மாறாது. லேபிளின் குறுக்கே, ஓரம் முதல் ஓரம் வரை, எழுத்து இல்லாத ஒரே ஒரு கோடு கிடைத்தால் போதும், முழு லேபிளின் வெளிச்சத்தையும் அதிலிருந்து திரும்பக் கட்டிவிடலாம். பெரும்பாலான லேபிள்களில் மேல் விளிம்பை ஒட்டியோ, பெயருக்கும் அளவு விவரத்துக்கும் நடுவிலோ அப்படி ஒரு சந்து இருக்கும். அங்கே 10 முதல் 20 பிக்சல் உயரத்துக்கு ஒரு கீற்றை வெட்டி, Free Transform கொண்டு மேலும் கீழும் லேபிள் உயரத்துக்கு இழுங்கள். பிறகு 90 டிகிரி கோணத்தில் Motion Blur கொடுத்தால் காகிதத்தின் சொரசொரப்பும் படத்தின் துகளும் கரைந்து, சுத்தமான செங்குத்துப் பட்டைகள் கிடைக்கும்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் தேவை. சாஃப்ட்பாக்ஸ் லேபிளைவிடக் குட்டையாக இருந்தால் ஒளிப்பட்டையின் மேல் நுனியோ கீழ் நுனியோ லேபிளுக்குள்ளேயே முடிந்திருக்கும். அப்போது மேலே ஒரு கீற்று, கீழே ஒரு கீற்று எடுத்துத் தனித்தனியாக இழுத்து, நடுவில் கிரேடியன்ட் மாஸ்க் போட்டு ஒன்றை மற்றொன்றில் கரைக்க வேண்டும். இன்னொன்று, பாட்டில் மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் இழுத்த கீற்றையும் அதே சரிவுக்குக் குறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒளிப்பட்டை பாட்டிலின் விளிம்போடு இணையாகப் போகாமல் விலகும்.

லேபிளின் மேல் விளிம்பு வளைவாகத் தெரிகிறதே என்று கீற்றையும் வளைத்துவிடாதீர்கள். அச்சு வளையும், ஒளிப்பட்டை நேராகத்தான் நிற்கும்.

தட்டையான வடிவமைப்பை Warp செய்து வளைத்தால் பெயர் ஏதோ ஊதின மாதிரி தெரிகிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் மேல் கீழ் விளிம்புகளை மட்டும் வளைத்திருப்பீர்கள். Arc போன்ற தயார் வளைவுகள் அதைத்தான் செய்கின்றன. உருளையில் இன்னொன்றும் நடக்கிறது: ஓரத்துக்குப் போகப்போக லேபிள் நம்மை விட்டுத் திரும்பிக்கொள்வதால் அகலம் சுருங்குகிறது. நடுவில் சுருக்கமே இல்லை, ஓரத்தில் கடுமையான சுருக்கம். எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். லேபிளின் நடுக்கோட்டிலிருந்து காகிதத்தில் அளந்த தூரம் s, பாட்டிலின் ஆரம் R என்றால் படத்தில் அது விழும் இடம்:

```
x = R · sin(s / R)
```

கோணம் ரேடியனில். நம் பாட்டிலுக்கு R என்பது 35 மி.மீ., படத்தில் 700 பிக்சல், அதாவது ஒரு மி.மீ.க்கு 20 பிக்சல். காகிதத்தில் நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளி இருக்கும் புள்ளி தட்டையாக இருந்தால் 200 பிக்சலில் விழ வேண்டும், உருளையில் 197இல் விழுகிறது. அதுவரை வித்தியாசமே தெரியாது. 20 மி.மீ. புள்ளி 400க்குப் பதில் 379இல், 30 மி.மீ. புள்ளி 600க்குப் பதில் 529இல் விழும். 40 மி.மீ. புள்ளிக்கு 637, 50 மி.மீ. புள்ளிக்கு 693. கடைசி இரண்டையும் பாருங்கள்: காகிதத்தில் 10 மி.மீ. அகலமுள்ள பகுதி படத்தில் வெறும் 56 பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. ஓரத்து எழுத்தை அவ்வளவு நெருக்காமல் விட்டால்தான் லேபிள் முன்னால் பிதுங்கித் தொங்குவதுபோல் தோன்றும்.

ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளில் Warp பட்டியலிலேயே Cylinder இருக்கிறது. அது இந்தச் சுருக்கத்தையும் சேர்த்தே செய்கிறது. பழைய பதிப்பில் Warp கட்டத்தைச் செங்குத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டையும் மேலே சொன்ன இடங்களுக்கு நகர்த்துங்கள். கண்ணால் அளப்பதைவிட வழிகாட்டிக் கோடுகளை முதலில் வைத்துக்கொள்வது நல்லது.

மேல் கீழ் வளைவு எவ்வளவு என்பதற்குக் கணக்கே வேண்டாம், பழைய லேபிளின் விளிம்பே அளவுகோல். அதன் மேல் Pen கருவியால் ஒரு பாதை வரைந்து வைத்துக்கொண்டு புதியதை அதோடு பொருத்துங்கள். கேமரா லேபிளின் நடு உயரத்தில் இருந்திருந்தால் மேல் விளிம்பு மேல்நோக்கியும் கீழ் விளிம்பு கீழ்நோக்கியும் வளைந்திருக்கும், நடுவில் வரும் எழுத்து நேராக நிற்கும். கேமரா பாட்டிலைவிட உயரத்தில் இருந்திருந்தால் இரண்டு விளிம்பும் கீழ்நோக்கியே வளையும், சுவைப் பெயரின் அடிக்கோடும் அப்படித்தான் வளைய வேண்டும். மேல் விளிம்பு ஒரு பக்கம், பெயர் வேறு பக்கம் என்று வளைந்த படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர் லேபிளிலேயே ஒட்டாமல் மிதக்கும்.

மஞ்சளில் அழகாக இருந்த ஒளிப்பட்டை அடர் சிவப்பில் கொட்டுகிற மாதிரி தெரிகிறது. குறைத்துவிடலாமா?

முதலில் எந்தக் கலப்பு முறை போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மாதுளை லேபிளின் சிவப்பு 140, 20, 45 என்று வைத்துக்கொள்வோம். அதே சாஃப்ட்பாக்ஸ், அதே பளபளப்பு, நிஜமாகவே சிவப்பு லேபிளை ஒட்டிப் படமெடுத்திருந்தால் பட்டையின் நடுவில் கணக்குப்படி 190, 139, 143 வந்திருக்கும். தூசி படிந்த ரோஜா நிறம் போல ஒன்று. நீல சானலில் நாம் எடுத்த மினுக்கம் அந்த இடத்தில் 115. அதை Screen ஆக வைத்தால் 192, 126, 140 வருகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவைதான். அதையே Linear Dodge (Add) ஆக வைத்தால் 255, 135, 160 ஆகிவிடுகிறது, கண்ணைக் குத்தும் இளஞ்சிவப்பு. கொட்டுகிற மாதிரி தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கூட்டல் என்று நானே சொல்லிவிட்டு Add வேண்டாம் என்பது முரணாகத் தோன்றலாம். நிஜ உலகில் வெளிச்சம் கூடுவது உண்மை. ஆனால் கோப்பில் உள்ள எண்கள் வெளிச்சத்தின் அளவை நேராகக் காட்டுவதில்லை, கண்ணுக்கு ஏற்றபடி வளைத்து எழுதப்பட்டவை. வளைத்த எண்களைக் கூட்டினால் விடை எகிறிவிடும். Screen தற்செயலாகச் சரியான விடைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. 32 பிட்டில் வேலை செய்கிறவர்கள் மட்டும் Add போடலாம், அங்கே எண்கள் நேரானவை. Multiply க்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, வளைத்த எண்களைப் பெருக்கினாலும் விடை ஏறக்குறைய சரியாகவே வரும்.

Screen போட்ட பிறகும் பட்டை மஞ்சளில் இருந்ததைவிட எடுப்பாகத் தெரிந்தால் அது இயல்பு. அடர் நிறத்தில் மினுக்கம் அதிகமாகத் தெரியும், கறுப்புக் காரில் தெருவிளக்கு பளிச்சென்று தெரிவதுபோல. அதைத் தொடாதீர்கள். வாடிக்கையாளர் கேட்டால்கூட Opacity ஐ 85க்குக் கீழே இறக்க நான் யோசிப்பேன், ஏனென்றால் அதற்கு மேல் குறைத்தால் லேபிள் வேறு காகிதத்தில் அச்சானதுபோல் ஆகிவிடும்.

சுவைப் பெயர் மட்டும்தான் மாறுகிறது, நிறமெல்லாம் அப்படியே. இவ்வளவு வேலையும் வேண்டுமா?

வேண்டாம். இழுத்த கீற்றை வைத்துப் பழைய எழுத்தை மட்டும் மூடிவிட்டு, வளைத்த புது எழுத்தை அதன் மேல் வையுங்கள். ஆனால் எழுத்தின் மேல் நிழலும் மினுக்கமும் போக வேண்டும். பளபளப்புப் பூச்சு எழுத்தின் மையையும் சேர்த்தே மூடியிருக்கிறது. ஒளிப்பட்டைக்குள் வரும் கறுப்பு எழுத்து அங்கே சாம்பலாகத்தான் தெரிய வேண்டும், பழைய எழுத்து எப்படித் தெரிந்தது என்று மூலப் படத்தில் பார்த்தால் புரியும்.

கண்ணாடியில் ஓடும் வெள்ளைக் கோடு லேபிள் மேலும் அப்படியே தொடர வேண்டும்தானே?

அதே இடத்தில் தொடர வேண்டும், அதே கூர்மையில் தொடரக் கூடாது. கண்ணாடி வழவழப்பானது, சாஃப்ட்பாக்ஸின் விளிம்பு அதில் கத்தி போலத் தெரியும். பளபளப்புக் காகிதம் என்றாலும் அதில் நுண்ணிய மேடு பள்ளம் உண்டு. அதே ஒளிப்பட்டை அங்கே சற்று அகலமாகி, ஓரம் மங்கி, உச்சமும் குறைந்து தெரியும். கண்ணாடியின் கோட்டைப் படியெடுத்து லேபிள் மேல் இழுத்துவிடும் குறுக்கு வழி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அப்படிச் செய்த லேபிள், பாட்டிலுக்கு உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. புது லேபிள் பளபளப்பில்லாத காகிதத்தில் அச்சாகப் போகிறது என்றால் பழைய லேபிளிலிருந்து எடுத்த மினுக்கம் பொருந்தாது. அதை இடவலமாக மட்டும் நன்றாக மங்கலாக்கி, அளவையும் பாதிக்கு மேல் குறைக்க வேண்டும். அப்போதும் அது ஊகம்தான். எந்தக் காகிதம், என்ன பூச்சு என்று வேலையை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பாட்டில் என்னிடமே இருக்கிறது, மறுபடி படமெடுக்கலாம். எதை எடுத்தால் பிறகு சுலபம்?

மூன்று படங்கள். லேபிள் ஒட்டிய பாட்டில், அதே அளவில் வெறும் வெள்ளைக் காகிதம் ஒட்டிய பாட்டில், வெறும் கறுப்புக் காகிதம் ஒட்டிய பாட்டில். இரண்டு காகிதமும் நிஜ லேபிளின் அதே பளபளப்பில் இருக்க வேண்டும். கேமரா முக்காலியை விட்டு அசையக் கூடாது. ஒளி அளவு, ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் கையால் அமைத்துப் பூட்டிவிடுங்கள். பாட்டில் நின்ற இடத்தில் அடியைச் சுற்றி அடையாளம் வைத்தால் திரும்ப அதே இடத்தில் நிறுத்தலாம்.

கறுப்புக் காகிதம் தன் மேல் விழும் வெளிச்சத்தை ஏறக்குறைய முழுக்க விழுங்கிவிடும், மேற்பரப்பில் தெறித்தது மட்டுமே படத்தில் வரும். அதுதான் சுத்தமான மினுக்கம், சானல் வித்தை எதுவும் இல்லாமல். வெள்ளைக் காகிதப் படத்தில் நிழலும் மினுக்கமும் சேர்ந்திருக்கும். 32 பிட்டில் அதிலிருந்து கறுப்புப் படத்தைக் கழித்தால் நிழல் மட்டும் மிஞ்சும். வெள்ளைப் படத்தில் எந்த இடமும் 255ஐத் தொட்டுவிடாமல் ஒளி அளவைச் சற்றுக் குறைத்து, மூன்று படத்துக்கும் அதே அளவை வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் முட்டிய இடத்தில் கழிக்க ஒன்றும் இருக்காது.

புதுச் சுவை ஒவ்வொன்றாக வரப்போகிறது என்று தெரிந்தால், முதல் படப்பிடிப்பிலேயே இந்த இரண்டு படங்களைக் கூடுதலாக எடுத்து வைப்பதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. வெள்ளை லேபிள் போட்ட பாட்டிலுக்கு இது ஒன்றே நம்பகமான வழி.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஏதோ இடிக்கிறது. எங்கே பார்ப்பது?

லேபிளை விட்டுவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். பாட்டில் பளபளப்பான மேசை மேல் நின்றால் அடியில் தலைகீழாக ஒரு லேபிள் தெரியும். அங்கே இன்னும் மஞ்சளும் பழைய பெயரும் இருக்கும். மாற்றி முடித்த லேபிளையே படியெடுத்துத் தலைகீழாக்கி, பழைய பிரதிபலிப்பின் மங்கலுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்றபடி குறைத்து வையுங்கள். கேமரா உயரத்தில் இருந்து எடுத்த படமானால் பிரதிபலிப்பில் உள்ள வளைவு சற்று வேறாக இருக்கும், அதையும் பழைய விளிம்பைப் பார்த்தே பொருத்துங்கள். கைமாறி வரும் கோப்புகளில் நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான். பாதிக்குப் பாதி அது மறந்துபோயிருக்கும்.

பிறகு பானம். எலுமிச்சையின் வெளிர் மஞ்சள் மாதுளையில் அடர் சிவப்பாக வேண்டும், அதோடு கண்ணாடி வழியாக மேசையில் விழும் நிறச் சாயலும் மாற வேண்டும். லேபிளின் பின்பக்கம் பானத்தின் ஊடே தெரிந்தால் அதுவும் மாற வேண்டும். அடர் பானம் என்றால் அது தெரியாமலே மறைந்துவிடும்.

லேபிளின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். காகிதத்துக்கு ஒரு தடிமன் உண்டு, அதனால் விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடும் அதை ஒட்டிக் கண்ணாடியில் மயிரிழை நிழலும் இருக்கும். மாஸ்க் அதை முழுங்கிவிட்டால் லேபிள் கண்ணாடி மேல் அச்சிட்டதுபோல் ஆகும். மாஸ்க்கை விளிம்பிலிருந்து 1 அல்லது 2 பிக்சல் உள்ளே இழுத்து, பழைய விளிம்பை அப்படியே தெரிய விடுங்கள். ஆனால் அந்த விளிம்பில் மஞ்சள் ஒட்டியிருக்கும். அதற்கு மட்டும் நிறம் மாற்றும் ஒரு லேயர் போட வேண்டும்.

கடைசியாகக் கூர்மை. கணினியில் வரைந்த எழுத்து கேமரா எடுத்த எதையும்விடக் கூர்மையாக இருக்கும். பக்கத்தில் மாறாமல் இருக்கும் ஒரு எழுத்தையோ மூடியின் விளிம்பையோ 100 சதவீதத்தில் பார்த்து, அதே அளவு மங்கும் வரை Gaussian Blur கொடுங்கள். பொதுவாக அரை பிக்சல் முதல் ஒரு பிக்சல் வரை போதும். லேபிளின் ஓரங்கள் நடுவைவிடக் கேமராவுக்குத் தொலைவில் இருப்பதால் அங்கே இன்னும் சற்று மங்கலாக இருக்கக்கூடும், மூலப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். படத்தில் துகள் இருந்தால் புது லேபிளிலும் அதே அளவு Add Noise கொடுங்கள்.

தமிழில் பெயர் போட்டால் "மாதுளை" உடைந்து வருகிறதே?

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டால் எழுத்துகளை அடுக்கும் முறை தப்பாக அமைந்திருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் Preferences இல் Type பகுதிக்குப் போய் World-Ready Layout ஐத் தேர்ந்துகொண்டு, புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். பெயர் சரியாக வந்ததும் Convert to Shape கொடுத்து வடிவமாக்கிவிடுங்கள், வேறு கணினியில் திறந்தாலும் உடையாது. சுவைப் பெயரை நீங்களே தட்டச்சு செய்வதைவிட லேபிள் வடிவமைத்தவரிடமிருந்து வடிவமாக்கிய கோப்பை வாங்குவதுதான் பாதுகாப்பு. எழுத்துருவும் இடைவெளியும் அச்சில் வருவதுபோலவே இருக்கும்.

அந்தக் கோப்பு அச்சுக்கானது, அதாவது CMYK. படக் கோப்பு RGB. கோப்பின் நிற விவரக் குறிப்போடு மாற்றினால்தான் அச்சில் வரப்போகும் சிவப்புக்கு நெருக்கமான சிவப்பு திரையில் வரும். கண் மதிப்பில் ஒரு சிவப்பைக் கொட்டிவிட்டால், பாட்டில் கடைக்கு வந்த பிறகு படமும் பொருளும் வேறு வேறாக நிற்கும்.

இன்னும் ஐந்து சுவை வருகிறதாம். ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்தா?

இல்லை. தட்டையான லேபிளை Smart Object ஆக்கிவிட்டு அதன் பிறகு Warp செய்யுங்கள். அடுத்த சுவைக்கு அந்த Smart Object ஐ இருமுறை சொடுக்கித் திறந்து, உள்ளே புது வடிவமைப்பை வைத்துச் சேமித்தால் வளைவு, மாஸ்க், நிழல், மினுக்கம் எல்லாம் தாமாகப் பொருந்தும். உள்ளே இருக்கும் பக்கத்தின் பிக்சல் அளவை மட்டும் மாற்றாதீர்கள், மாற்றினால் வளைவு குலையும். மேசைப் பிரதிபலிப்பில் உள்ள லேபிளும் அதே Smart Object இன் படியாக இருந்தால் அதுவும் கூடவே மாறும்.

பெயர் மாறும்போது சேர்மானப் பட்டியல், பார்கோடு, சத்து விவரம் ஆகியவையும் மாறியிருக்கும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, படித்துப் பார்க்க முடிகிற பொடி எழுத்தில் எலுமிச்சைச் சாறு என்று விட்டுவிடக் கூடாது. வாங்குகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள், அதில் ஒவ்வாமை உள்ளவர்களும் இருப்பார்கள். ஒப்புதலான முழு லேபிளையே உள்ளே வையுங்கள்.

பாட்டில் மேல் பனித்துளி, லேபிளில் தங்க நிறத் தகடு அச்சு. இதே வழி செல்லுமா?

தகடு அச்சுக்குப் பாதி செல்லும். தகட்டில் நிழல் என்று ஒன்று கிடையாது, முழுக்க மினுக்கம்தான். அந்த மினுக்கமும் வெள்ளையாக இல்லாமல் தங்க நிறத்தில் வரும். காகிதத்திலிருந்து எடுத்த பட்டை அதற்குப் பொருந்தாது. பழைய லேபிளில் தகடு இருந்த இடத்தில் ஒரு குறுக்குக் கீற்று எடுத்து, மேலும் கீழும் இழுத்து, அதையே புது எழுத்தின் வடிவத்துக்குள் நிரப்புங்கள். ஒளிப்பட்டைக்கு வெளியே தங்கம் கிட்டத்தட்டப் பழுப்பாக இருட்டும். அதைப் பார்த்துப் பயந்து வெளிச்சமாக்க வேண்டாம், தகடு அப்படித்தான் இருக்கும்.

பனித்துளி வேறு கதை. ஒவ்வொரு துளியும் ஒரு சிறிய லென்ஸ். அடியில் உள்ள மஞ்சளையும் எழுத்தின் துண்டையும் வளைத்துத் தனக்குள் காட்டிக்கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கான துளிகளுக்குள் நிறத்தை மாற்றினாலும் உள்ளே வளைந்து தெரியும் பழைய எழுத்து போகாது. லேபிளின் ஓரத்தில் பத்துப் பதினைந்து துளி மட்டும் இருந்தால் அவற்றைத் துடைத்துவிட்டு, துளிகளை வேறாக எடுத்த படத்திலிருந்து சேர்க்கலாம். லேபிள் முழுக்கத் துளி என்றால் புது வடிவமைப்பை அதே பளபளப்புக் காகிதத்தில் ஒரு பிரதி அச்சிட்டு, பாட்டிலில் ஒட்டி, தண்ணீர் தெளித்து மறுபடி எடுப்பதே குறைந்த வேலை.